முள் நிமிரும் நேரம்

இருபது வருடமாகக் கோளரங்கத்தில் வானத்தைச் சுற்றிக் காட்டியவளுக்கு வந்த முதல் நன்றிக் கடிதம் அது. போன வாரம் பள்ளியிலிருந்து முதன்முறையாக வந்துபோன ஏழாம் வகுப்பு மாணவி எழுதியிருந்தாள்.

"சார், இதைக் கேளுங்க!" என்று மேலாளர் அறைக்குள் ஓடினாள் வழிகாட்டி.

'துருவ நட்சத்திரம் அசையாது, சப்தரிஷி மண்டலம் அதைச் சுற்றும் என்றீர்கள். அதன் முனையிலுள்ள இரண்டு நட்சத்திரங்களைத் துருவத்தோடு கோடிட்டு இணைத்தால் ஒரு கடிகார முள். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், ஆறு மணி நேரத்துக்குக் கால் சுற்று. ஐந்து இரவுகள் பார்த்தேன். வலப்பக்கம் படுத்திருந்த முள், நீங்கள் சொன்னபடியே, ஆறு மணி நேரத்தில் நிமிர்ந்து நின்றது.'

"புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கும். எந்தப் பிள்ளை ராத்திரி ஆறு மணி நேரம் மொட்டை மாடியில உக்காரும்?"

"மூணாவது நாள் மேகம் மறைச்சதையும் எழுதியிருக்கா சார். காப்பியடிக்கிறவ மேகத்தை எதுக்கு எழுதப்போறா?"

"அப்போ நோட்டீஸ் போர்டுல குத்துங்க. நாலு பேர் பார்க்கட்டும்."

பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. குண்டூசியோடு தாளைத் திருப்பினாள். பின்பக்கத்திலும் எழுத்து.

'அப்பா குடித்துவிட்டு என்னை மாடியில் தள்ளிப் பூட்டும்போது முள் படுத்திருக்கும். முன்பெல்லாம் விடியவே விடியாது என்று அழுவேன். இப்போது அழுவதில்லை. முள் நிமிர்ந்ததும் அம்மா வேலை முடிந்து வந்து திறந்துவிடுவாள். மிக்க நன்றி மிஸ்.'

குண்டூசியை மேசையில் வைத்துவிட்டுக் கடிதத்தை மடித்தாள்.

"சார், அந்தப் பள்ளிக்கூடத்து நம்பர் எங்க?"