மூடாத உறை

“ஒரு கல்யாணத்தை நிறுத்தணும், அரை நாள் லீவு குடுங்க.”

கேட்டது வார்டு நர்ஸ். தலைமை நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை. முதலில் கிளம்பு, கையெழுத்தெல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நர்ஸ் கைப்பையிலிருந்து பத்திரிகையை மறுபடி எடுத்தாள். அதில் அச்சடித்திருந்த முகூர்த்தம் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நிறுத்த அங்கே எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? மனசு கேட்காமல் வாய் முந்திக்கொண்டது.

காலையில்தான் தபால்காரர் வார்டுக்கே தேடி வந்து கொடுத்தார். தபால் நிலையத்தைப் புதுப்பிக்கிறார்களாம். கடிதம் பிரித்துப் போடும் பழைய மர அடுக்கைச் சுவரிலிருந்து பெயர்த்தபோது, பின்பக்க இடுக்கிலிருந்து தூசியோடு நாலைந்து உறைகள் விழுந்தனவாம். பத்திரிகைக்குக் குறைந்த கட்டணம் என்பதால் உறையை ஒட்டாமல், மடிப்பை உள்ளே செருகித்தான் எல்லாரும் போடுவார்கள். அந்த மடிப்பு பிரிந்து, பலகை விளிம்பில் மாட்டி, பின்னால் சரிந்திருக்க வேண்டும் என்றார்.

பழைய முத்திரை மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் இன்றைய முத்திரை பளிச்சென்று இருந்தது. தாமதத்துக்கு வருந்துவதாக ஒரு துண்டுச்சீட்டையும் பின் குத்தியிருந்தார்கள். முகவரியில் இருந்த வீட்டை அவள் எப்போதோ காலி செய்துவிட்டாள். பெயருக்குப் பக்கத்தில் ‘நர்ஸ்’ என்று எழுதியிருந்ததால், ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பார்ப்போம் என்று வந்தாராம். நல்ல மனுஷன். அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் அவள் லீவு கேட்க ஓடினாள்.

அழைத்திருந்தது தூரத்து உறவில் அண்ணன் முறை. அவர் மகளுக்குக் கல்யாணம் என்று அப்போதே காற்றுவாக்கில் காதில் விழுந்தது. புருஷனை விட்டுவிட்டுத் தனியாக இருப்பவளை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று இவள் ஒதுங்கிக்கொண்டாள். பத்திரிகை வைத்தும் எட்டிப் பார்க்காதவள் என்று அவர் ஒதுக்கிவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

அந்த வருத்தத்தை இன்று அவள் நினைக்கவே இல்லை. அவள் கண் மாப்பிள்ளையின் பெயரில் நிலைகுத்தி நின்றது. அப்பா பெயர், படிப்பு, பார்க்கும் வேலை எல்லாம் கீழேயே அச்சடித்திருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை, அவனேதான்.

இந்தக் கல்யாணப் பேச்சுக்கு முன்பே, மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்லி, அவன் தன் மனைவியை இவள் வார்டுக்கு மூன்று தடவை தூக்கி வந்திருக்கிறான். கடைசித் தடவை வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. எலும்பு கூடுவதற்குள் நயமாகப் பேசி, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டான். அந்தப் பெண் போகும்போது இவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவனுக்குப் போய் இந்தக் குழந்தையையா! பத்திரிகை அன்றைக்கே வந்திருந்தால் ஓடிப்போய் மேடையில் ஏறியாவது கத்தியிருப்பாளே. பத்திரிகையில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது.

கதவைத் திறந்தது அண்ணன் மகளேதான். மெலிந்திருந்தாள். “அத்தையா?” என்று திகைத்தாள். பிறந்த வீட்டிலேயே இருக்கிறாளே. அடிபட்டுத் திரும்பிவிட்டாளா?

கூடத்தில் இரண்டு தையல் மெஷின்கள். சுவரில் மாலை போட்ட அண்ணன் படம். கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருக்கிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டாள். உட்காரக்கூட இல்லை, பத்திரிகையை நீட்டி நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

“எனக்கு அவனைத் தெரியும்மா. இது நேரத்துக்குக் கைக்கு வந்திருந்தா உன்னைக் காப்பாத்தியிருப்பேன். என்னை மன்னிச்சிடு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

அந்தப் பெண் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகவரி அவள் கையெழுத்துதான். எல்லா உறையிலும் அவள்தான் எழுதினாளாம். அப்பா கடைசிவரை அத்தையைக் குறை சொல்லிக்கொண்டே போனார் என்று சொல்லும்போது அவளுக்கும் கண் நிறைந்தது. பிறகு உள்ளே திரும்பி, “அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க” என்றாள்.

சமையலறையிலிருந்து ஒரு பெண் வந்து இடது கையால் தம்ளரை நீட்டினாள். அவளுடைய வலது மணிக்கட்டு கோணலாகக் கூடி, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

நர்ஸ் அந்த முகத்தையும் இந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாப்பிள்ளையோட பழைய முகவரிக்கும் ஒண்ணு தவறிப் போட்டுட்டேன் அத்தை, அது நேரத்துக்கு இவங்க கைக்குப் போயிடுச்சு.”