நான்கு சிவப்புச் சுழிகள்

அவள் அனுப்பித் திரும்பி வந்த அழைப்புக் கடிதத்தில் நான்கு இடங்களில் சிவப்பு மையால் சுழித்திருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வரி: "இதை எழுதியவர் நேரில் வரவும்."

படித்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்திச் சேனலில் விருந்தினர்களை அழைக்கும் வேலைக்கு அவள் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

"யாரு, புலவரா? தொலைஞ்சோம்," என்றார் தயாரிப்பாளர். "ஒரு ஒற்றுப்பிழைக்காகப் பதிப்பாளரையே வாசலோட திருப்பி அனுப்பினவரு. பத்து வருஷமா எந்தச் சேனலுக்கும் வந்ததில்ல. இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு அவர் வர்றாருன்னு விளம்பரமே போட்டாச்சு."

"அவர் இன்னும் சம்மதக் கடிதம் அனுப்பலையே சார்."

"அதான் போய் வாங்கிட்டு வாங்க. கிடைக்கலைன்னா நீங்களும் திரும்பி வர வேண்டாம்."

பேருந்தில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தாள். சேனலின் முத்திரை, கடித எண், தேதி எல்லாம் சரியாக இருந்தன. 'பக்திப் பாடல்களில் சரணாகதி' என்ற தலைப்பிலும் குறையில்லை. பத்து நிமிடம் அறிமுகம், இருபத்தைந்து நிமிடம் உரை, மிச்ச நேரம் கேள்வி பதில், நடுவே மூன்று விளம்பர இடைவேளை என்று எழுதியிருந்த பகுதியையும் அவர் தொடவில்லை.

ஐந்து மணிக்குக் கார் வரும் என்பதிலும் சுழி இல்லை. பின்னால் பச்சைத் திரை இருப்பதால் பச்சை உடை வேண்டாம், மெல்லிய கோடு போட்ட சட்டை திரையில் நெளியும் என்பதிலும் இல்லை. மறு ஒளிபரப்புக்கும் இணையத்தில் ஏற்றவும் சம்மதம் கேட்ட படிவத்தை அப்படியே கையெழுத்தில்லாமல் திருப்பியிருந்தார்.

சுழித்தவை நான்குதான். 'நேரலை'. 'மூன்று கேமராக்கள்'. 'நேயர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கு உடனுக்குடன்'. 'குறிப்புத் தாள்களைத் தவிர்க்கவும்'.

அலுவலகத்திலேயே அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்ப்பவரிடமும் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சந்தி சரியா இருக்கு, எழுத்தும் சரியா இருக்கு. எனக்கு ஒரு தப்பும் தெரியலம்மா," என்று கையை விரித்தார்.

அவருக்கே தெரியாத பிழை என்றால் அது எவ்வளவு பெரிய பிழையாக இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு இடங்களையும் மாற்றி எழுதிப் புதுக் கடிதம் ஒன்றை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தாள்.

மூன்றாவது மாடி. அழைப்பு மணியில் விரலை வைத்து இரண்டு முறை எடுத்துவிட்டாள். மூன்றாவது முறைதான் அழுத்த முடிந்தது.

புலவரின் மனைவி கதவைத் திறந்தார். "சேனல்லேர்ந்தா? வாம்மா. உங்க லெட்டர் வந்ததுலேர்ந்து அவர் சரியாச் சாப்பிடல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கிடக்காரு."

"ஐயா ரொம்பக் கோபமா இருக்காங்களா?"

"என்கிட்ட எங்க சொல்றாரு. நீயே போய்க் கேளு."

சுவர் முழுக்கப் புத்தகம். நடுவில் நாற்காலியில் புலவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது நூல்களுக்கு உரை எழுதியவர். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் அவருடைய பேனாவையே பார்த்தாள். சிவப்பு மூடி.

"நீங்கதான் எழுதினதா?"

"ஆமாங்கய்யா."

"உட்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. "ஐயா, தெரியாமப் பண்ணிட்டேன். எல்லாத்தையும் திருத்திக் கொண்டாந்திருக்கேன்," என்று புதுக் கடிதத்தை நீட்டினாள்.

அவர் வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"நேரலைங்கறத நேரடி ஒளிபரப்புன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்கய்யா. கேமராவப் படக்கருவின்னு மாத்திட்டேன். தொலைபேசிக் கேள்விங்கறத நேயர் வினான்னு..."

"தாள் வச்சுக்கக் கூடாதுங்கறது?"

"'குறிப்பின்றி உரையாற்றுக'ன்னு."

புலவர் கடிதத்தை மடியில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "மாத்தி எழுதினாலும் அதேதானம்மா வருது."

அவ்வளவுதான், வேலை போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருப்பதும், மகளின் பள்ளியும் கண்முன் வந்து நின்றன. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"என்ன தப்புன்னு நீங்களே சொல்லிடுங்கய்யா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

புலவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சமையலறைப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. எனக்குப் பயமா இருக்கற இடத்தத்தான் சுழிச்சேன்."