புல்லாங்குழல் தொடங்கும் இடம்

மாடம்பாக்கத்து வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஊர்ந்துவந்து லேப்டாப் மேல் ஏறுகிறது. ஹர்ஷா திரையைச் சரித்துக்கொள்கிறான். அக்கா சுப்ரஜா வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு நாள்தான் அவன் காலேஜுக்குக் கொடுக்கவேண்டிய வீடியோ. அதில் பேச்சே கிடையாது. அலாரத்தை அணைக்கும் விரல், டிபன் பாக்ஸ் மூடி, தாம்பரம் ஸ்டேஷன் படிகளில் செருப்புகள், ரயில் கைப்பிடி என்று மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு காட்சியை வெட்டி வைத்திருக்கிறான். ஆபீஸ் லிஃப்ட் மூடியதும் மிருதங்கம் நிற்கிறது. மாலைக்குப் புல்லாங்குழல். அது தொடங்கும் இடத்தில், ரயில் ஜன்னல் கம்பியில் சாய்ந்த அக்காவின் முகம். கண்கள் பாதி செருகியிருக்கின்றன. சாயங்காலக் களைப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது என்று அவனுக்குத் திருப்தி. துணி மடித்துக்கொண்டிருந்த சுப்ரஜா எட்டிப் பார்க்கிறாள்.

“இது காலைல எடுத்ததுடா.”

“இல்லக்கா, ரிட்டர்ன்ல எடுத்தது.”

“தலைல பூவைப் பாரு. ஒரு மொட்டுகூட விரியல.”

அவன் பெரிதாக்கிப் பார்க்கிறான். மல்லிகை இறுக மூடியிருக்கிறது.

“விடு, யாருக்குத் தெரியப்போகுது” என்று அவள் அடுத்த சட்டையை உதறுகிறாள்.

ஹர்ஷா அந்த முகத்தைக் காலைக்கே கொண்டுபோகிறான். பிறகு மிருதங்கத்தை அழித்துவிட்டு, புல்லாங்குழலை அலாரம் அடிக்கும் இடம்வரை இழுத்து வைக்கிறான்.