உடையும் பெயர்ப்பலகை

தம்புசாமி மண்வெட்டியால் மூன்றாம் முறை ஓங்கி அடிக்க, ‘டத்தோ புவனேஸ்வரன் நூலகம்’ என்ற பலகை வெயிலில் விரிசல் விட்டுத் தொங்குகிறது. “பேரு வைக்க வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டோம்ல? நாங்க குடியிருந்த தோட்டத்து மூணாவது லயம் இருந்த எடம்டா இது!” நூலகச் செயலாளர் சேகரன் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடிக்கிறான். “கட்டடம் டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசன் குடுத்ததுண்ணே! நன்றி வேணாமா லா?” பதிலுக்குத் தம்புசாமியின் முழங்கை அவன் வாயில் இறங்க, அவன் வெள்ளைச் சட்டையெங்கும் ரத்தம் தெறிக்கிறது. வாசிப்பு வகுப்பு எடுக்கும் மலர்க்கொடி விலக்கிவிடப் போகவில்லை. திறந்து மூன்று மாதமாகியும் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. “அது டத்தோ வீடு டீச்சர்,” என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போனதுதான் அவளுக்குள் எரிகிறது. சேகரன் எண்ணாமலே பூட்டி வைத்த வாக்குப் பெட்டியைத் தூக்கிப் படியில் அறைகிறாள். சீட்டுகள் சிதறுகின்றன. எடுத்ததிலெல்லாம் ‘மூணாவது லயம் நூலகம்’, கீழே வீட்டு எண், பெயர். “பாருங்க!” என்று கத்துகிறாள். சண்டை நிற்கிறது. அடிக்கல் விழாத் தேதியிட்ட ஒரு சீட்டில் மட்டும் வீட்டு எண் இல்லை. அதிலும் நூலகத்துக்கு அதே பெயர்தான். கீழே கையெழுத்து: புவனேஸ்வரன்.