அப்பா ஏன் அடிக்கவில்லை?

"பயப்படாதே கண்ணு. போன்ல நீ என்ன பாத்தீன்னு எனக்குத் தெரியும். அடிக்க மாட்டேன். பேசலாம்னுதான் கூட்டியாந்தேன்."

சிங்காநல்லூர் குளத்துக் கரையில் பைக்கை நிறுத்திவிட்டு ரூபன் இப்படிச் சொன்னதும், மகன் சசிதர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். பத்தாவது படிக்கிறான். கணக்கில் மார்க் குறைந்ததற்கே வீடு அதிரக் கத்துகிற அப்பா, இன்று போண்டா வாங்கிக் கொடுத்து மெல்லப் பேசினால் எப்படி நம்புவது?

"என்ன பாத்தனுங்ப்பா?"

"ஆபாசப் படம்."

சசிதர் போண்டாவைக் காகிதத்தோடு கீழே வைத்தான்.

"எல்லாத்தையும் மூடிட்டனேங்..." வாய் தவறிவிட்டது.

"டேப்பை மூடுனா ஹிஸ்டரி அழியாது கண்ணு. படிக்கறதுக்குன்னு உனக்குப் பழைய போனைக் குடுத்தப்ப என்ற அக்கவுண்ட்டையே அதுலயும் போட்டு உட்டேன். சிங்க் ஆன்ல இருக்குது. நீ அங்க பாக்கறது என்ற போன் ஹிஸ்டரியிலயும் வந்து உக்காந்துக்குது."

அப்படியானால் அம்மா? நாலைந்து நாளாக அம்மா செவ்வந்தி சிரிக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. அம்மாவுக்குத் தெரிவதைவிடச் செத்துப்போகலாம்.

"அம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

"உன்னைப் பத்தி அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

சுத்தப் பொய் என்று நினைத்துக்கொண்டான்.

"லிங்க் எப்புடி வந்துச்சு?"

"பசங்க குரூப்லங்ப்பா."

"நீ யாருக்காச்சும் பார்வர்ட் பண்ணுனயா?"

"இல்லீங்ப்பா."

"பண்ணவே கூடாது. அது சட்டப்படி குத்தம். முகந்தெரியாத யாராச்சும் உன்ற போட்டோ கேட்டாங்களா? வீடியோ கால்ல வரச் சொல்லி, பணங்கேட்டு மிரட்டுனாங்களா?"

போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். சசிதரின் கண் அப்பாவின் சட்டைப் பைக்கே போனது. பேச்சை ரெக்கார்டு பண்ணுகிறாரோ? அம்மா லைனில் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ?

ரூபன் போனை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். "பாத்துக்க. ஆப் பண்ணி வெச்சிருக்கறேன்."

சசிதருக்கு வெட்கமாகிவிட்டது. "யாரும் மிரட்டலீங்ப்பா."

"அப்புடி எவனாச்சும் மிரட்டுனா ஒடனே எங்கிட்ட வந்து சொல்லு. அப்பா கத்துவான்னு மறைச்சுப்போடாதே."

ரூபன் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"உன்ற வயசுல இதெல்லாம் தெரிஞ்சுக்கற ஆசை வாரது தப்பில்ல. ஆனா அதுல காட்டறது நெசமில்ல சசி. நடிக்கிறாங்க, வெட்டி ஒட்டறாங்க. அந்தப் பொண்ணுக்கே தெரியாம எடுத்ததும், மிரட்டி எடுத்ததும் உண்டு. பாக்கறவனுக்கு எது எதுன்னு தெரியாது. பொண்ணுங்கன்னா இப்புடித்தான்னு நெனச்சுப்போட்டீன்னா, நாளைக்கு உன்கூட வாழ வாரவளுக்குத்தான் கஷ்டம்."

"இனிமேப் பாக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேனுங்ப்பா. மறுபடியும் கை போயிருது."

"போகும். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததைக் காட்டி உக்கார வெப்பானுங்க, அவனுங்க பொழப்பே அதுதான். படுக்கப் போறப்ப போனை ஹால்ல வெச்சுரு. நானும் வெக்கறேன். உனக்குத் தனி அக்கவுண்ட் போட்டு, கண்டது வராத மாதிரி பூட்டித் தாரேன். என்ன பூட்டறேன்னு உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே பண்றேன். திருட்டுத்தனமா வேவு பாக்க மாட்டேன்."

சசிதர் தலையாட்டினான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அம்மா எதற்கு அப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறாள்?

வீட்டு வாசலில் பைக் நின்றதுமே உள்ளேயிருந்து செவ்வந்தியின் குரல் வந்தது. "சசி, இங்க வா. உங்கிட்டத் தனியாப் பேசோணும்."

அவ்வளவுதான், மாட்டிவிட்டுவிட்டார் என்று அப்பாவைத் திரும்பி முறைத்தான். ரூபன் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சமையலறைக்குள் போனான். செவ்வந்தி அவனை இழுத்துத் தலையைத் தடவினாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"உன்ற அப்பா போனை மட்டும் நீ தொட்டுப்போடாதே கண்ணு. கரண்ட் பில்லு கட்டுன சைட்டைத் தேடி ஹிஸ்டரியைத் தெறந்தேன், அதுல கெடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கூசுது. யாருங்க பாத்ததுன்னு கேட்டா, 'நாந்தான்'னு ஒத்துக்கிட்டு நிக்கறாரு அந்த மனுசன். நீயாச்சும் அவரை மாதிரி ஆயிராதே சாமி!"