முன் கம்பி

அப்பா ஒரே ஒரு வரியைக் கோடு போட்டு அடித்திருந்தார்.

மற்றபடி கடிதம் நான் எழுதியபடியே இருந்தது. கீழே கையெழுத்துக்காக நான் விட்ட இடமும் வெறுமையாகவே இருந்தது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவுக்குத் தபாலில் கடிதம் போட்டவன் கண்டி மஹய்யாவையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால்காரர் அம்மாவிடம் கொடுக்கும்போது சிரித்தாராம். சிரிக்கட்டும். கடை அறையைப் பற்றி வாயெடுத்தாலே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். கடிதத்தை விட்டுவிட்டு எங்கே போவார்?

அறை கொழும்பு வீதிப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரை அப்பா அதில் லோன்றி வைத்திருந்தார். டவுனில் பாதி வீட்டு உடுப்பு அவர் கையால்தான் வெளுத்தது. கலவரத்தன்று பக்கத்து இரும்புக்கடை மஹ்மூத் நானா தன் பெயர்ப்பலகையைக் கழற்றி எங்கள் கதவில் மாட்டியதால் அறை எரியாமல் தப்பியது. அப்பா அதைப் பூட்டிவிட்டு, வாவிக்கரையில் ஒரு ஹோட்டலுக்குத் துணி துவைக்கப் போனார்.

எட்டு வருடமாக அறை சும்மா கிடக்கிறது என்றுதான் கடிதத்தைத் தொடங்கியிருந்தேன்.

ரேடியோ, கெசட் ரெக்கோடர் திருத்தும் கடை. சன்னல் பக்கம் மேசை, அதற்கு மேல் இரண்டு ப்ளக். வரும் ஒவ்வொரு செட்டிலும் இலக்கம் எழுதிய அட்டையைக் கட்டி, அதே இலக்கத் துண்டைக் கொண்டுவந்தவர் கையில் கொடுப்பேன். பெயர்ப்பலகையில் மேலே சிங்களம், கீழே தமிழ். மாநகர சபையில் லைசன்ஸ் எடுக்க அறைக்குச் சொந்தக்காரரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அந்த லைசன்ஸ் இருந்தால், பொலிஸ் ரவுண்டப்பில் வளைத்துப் பிடித்துக் கண்டியில் உனக்கு என்ன வேலை என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்கும்.

கையெழுத்து இல்லையென்றால் ஏஜன்சிக்காரன் சொல்லும் சவூதிக்குத்தான் போகவேண்டும். அதையும் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது.

அப்பா அடித்தது இவை எதையும் அல்ல.

'மூன்று மாதத்துக்குள் எடுக்காத பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பலகை மாட்டுவேன். அவற்றை விற்றுவிடுவேன்.' அந்த வரியைத்தான்.

திருத்தும் கடைகளில் எல்லாம் தொங்கும் பலகை அது. நான் வேலை பழகிய கடையிலும் தொங்குகிறது. அதை எழுதினால் பையனுக்கு வியாபாரம் தெரியும் என்று நினைப்பார் என்று நம்பியிருந்தேன்.

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை தினம். போயாவில் அப்பாவுக்கு ஹோட்டலில் லீவு. காலையிலேயே எங்கோ போய்விட்டு, பின்னேரம் கரி வாசத்தோடு வருவார். கள்ளுத் தவறணையும் பூட்டியிருக்கும் நாளில் இந்த மனுஷனுக்கு அப்படி எங்கே சோலி என்று அம்மா மாதாமாதம் கேட்பாள்.

அன்று வாசலில் நின்று, என்னையும் வரும்படி தலையசைத்தார்.

எட்டு வருடத்துத் தூசி இருக்கும் என்று நான் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டேன். டவுன் முழுக்க அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். செக்பொயின்ட்டில் நின்ற பொலிஸ்காரர் அடையாள அட்டையைவிட விளக்குமாற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

பூட்டு ஒரு திருப்பில் திறந்தது. எண்ணெய் போட்ட பூட்டு.

உள்ளே தூசி இல்லை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் கரி அயன் பெட்டி. மூலையில் சிரட்டைக் கரிச் சாக்கு. வாளி, சவர்க்காரம், நீலப் பக்கற். கம்பியில் உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. சேர்ட்டுகள், நீளக் காற்சட்டைகள், சேலைகள், ஒரு சின்னப் பிள்ளையின் ஸ்கூல் கவுன்.

கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூலில் மூன்று தையல். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பா ஓர் அடையாளம் தைப்பார். மூன்று தையல் அம்பிகைபாகன் ஐயா வீடு. யாழ்ப்பாணத்து ஆட்கள், கலவரம் நடந்த கிழமையே அகதி லொறியில் ஏறிப் போனார்கள். அங்கேதான் இருக்கிறார்களோ, கடல் தாண்டிவிட்டார்களோ, யாருக்குத் தெரியும்?

எட்டு வருடம் மாட்டி வைத்த வெள்ளை பழுத்திருக்க வேண்டும். இது பழுக்கவில்லை. எல்லாம் நேற்றுப் போட்டது போன்ற மடிப்போடு இருந்தது.

"ஆளு தேடி வந்து கேட்டா இல்லன்னு சொல்ல முடியாதுல்லடா," என்றார் அப்பா. "வாற வரைக்கும் அது நம்ம பொறுப்பு."

அயன் மேசையிலேயே கடிதத்தை விரித்து, நான் விட்ட இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு மோவாயால் சன்னலைக் காட்டினார். மேசையை அங்கே போட்டுக்கொள் என்று அர்த்தம்.

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பழக்கமில்லை. கரி மூட்டிக் கொடுத்தேன்.

அப்பா கவுனை எடுத்து, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு கொசுவமாகத் தேய்த்தார். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயதாவது இருக்கும். கவுன் தோளைத் தாண்டி இறங்காது. அது அப்பாவுக்கும் தெரியும்.

தேய்த்ததைப் பழைய இடத்திலேயே மாட்டினார்.

லோன்றியில் இரண்டு கம்பி. சின்ன வயதில் அப்பா எனக்குச் சொல்லித் தந்தது: நாள் கழித்து எடுப்பவர்களின் உடுப்பு பின் கம்பியில், நாளைக்கு வருகிறவர்களுடையது வாசலுக்குக் கிட்ட, முன் கம்பியில்.

பின் கம்பி வெறுமையாக இருந்தது.