நூற்றி ஏழாம் இலக்கம்

விரிவுரையாளர் குகதாசன் குசினி மேசையில் கால்குலேட்டரை ஓங்கித் தட்டினார்.

"அசைன்மென்ட் ஒப்படைக்கு நூற்றுக்கு இருபது! அதின்ரை நாப்பது வீதம் வெறும் எட்டு. பாஸ் பண்ண மொத்தம் நாப்பது வேணும். மிச்ச முப்பத்திரண்டையும் அறுபது வீதச் சோதனையிலதான் எடுக்கோணும்."

"அப்ப சோதனையில எத்தினை எடுக்கோணும், அப்பா?" என்றாள் மகள் அபிஷனா.

"ஐம்பத்து மூண்டு தசம் மூண்டு. ஐம்பத்து நாலு எண்டு வை. உன்ரை மூளைக்கு எட்டுமோ?"

"திருத்தினவர் சரியில்லை."

"திருத்தினவரில பிழை பிடிக்காதை! கழுதை!"

அபிஷனா எழுந்தாள்.

"டைப் பண்ணின ஒப்படையில பேர் இல்லை, இலக்கம் மட்டும்தான். போன மாதம் எங்கடை கம்பஸ் அனுப்பின ஒப்படைக் கட்டை இந்த மேசையிலதான் திருத்தினீங்கள். என்ரை நூற்றி ஏழாம் இலக்கத்துக்கு இருபதைப் போட்டிட்டு, 'இதை எழுதினதைப் பெத்த மடையன் ஆரோ' எண்டு சிரிச்சனீங்கள்."